ஒரே வயல் இரண்டு முறை பதிவாகாமல் தடுப்பது எப்படி?

கேள்வி: "எங்கள் உழவர் குழுவில் மூன்று கிராமத்தார் இருக்கிறோம். சம்பா அறுப்புக்கு அறுவடை வண்டியை மொத்தமாகப் பேசி வரவழைக்கிறோம். யாருக்கு எத்தனை ஏக்கர் என்று எழுத, கூகுள் ஷீட்ஸில் ஒரு பட்டியல் போட்டு வாட்ஸ்அப் குழுவில் லிங்க் அனுப்பினோம். பட்டியலில் 43 பதிவு, 71 ஏக்கர் வந்தது. அதை நம்பி இரண்டு பெல்ட் வண்டிக்குச் சொல்லிவிட்டோம். அறுத்து முடித்தபோது 58 ஏக்கர்தான். ஒரே வயலை அப்பாவும் மகனும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். கடைசி நாள் ஒரு வண்டி சும்மா நின்றது; பேசிய குறைந்தபட்ச மணிக்கணக்குக்கு வாடகை கேட்டார்கள். இன்னொரு பக்கம், ஈர வயலுக்கு டயர் வண்டி போய்ப் புதைந்துகொண்டது. இந்த முறை பட்டியல் ஒழுங்காக இருக்க என்ன செய்யலாம்?"

*வாசகர், மன்னார்குடி வட்டம்*

பதில்: இந்தக் குழுவின் பட்டியலில் இரண்டு கோளாறு இருக்கிறது. ஒரே விஷயத்தை ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள் என்பது ஒன்று. ஒரே வயலை இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் கூகுள் ஷீட்ஸிலேயே பெரும்பாலும் தடுத்துவிடலாம், செலவு எதுவும் இல்லை. ஆனால் முதல் கோளாறைச் சரிசெய்யாமல் இரண்டாவதைத் தடுக்க முடியாது.

காரணம் எளிது. இரட்டைப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கும்போது கம்ப்யூட்டர் எழுத்தைத்தான் ஒப்பிடும், பொருளை அல்ல. 'கீழப்பட்டி', 'கீழ்பட்டி', 'Keelapatti' மூன்றும் ஒரே ஊர் என்பது ஊராருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை மூன்று ஊர். அதேபோல் ஒருவர் 'பெல்ட்' என்றும் இன்னொருவர் 'செயின்' என்றும் எழுதினால் அது இரண்டு வகை வண்டி என்றுதான் எண்ணும். அதனால் முதலில் எழுதும் வேலையைக் குறைத்து, பட்டியலிலிருந்து தொட்டு எடுக்கும்படி செய்ய வேண்டும். அதன் பிறகே தடுப்பு வேலை செய்யும்.

எதை வைத்து 'ஒன்று' என்று சொல்வது?

பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் தவறுகின்றன. செல்போன் எண் இரண்டு முறை வரக்கூடாது என்று தடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மேலே சொன்ன அப்பாவிடம் ஒரு போன், மகனிடம் ஒரு போன். எண் வேறு வேறாக இருப்பதால் தடுப்பு சும்மா இருந்துவிடும். நிலத்துக்காரரும் குத்தகைக்காரரும் ஆளுக்கொரு பதிவு போட்டாலும் இதே கதைதான். மறுபக்கம், ஒரே வீட்டுக்கு நான்கு இடத்தில் வயல் இருந்தால், முதல் வயலை எழுதியதும் மற்ற மூன்றும் தடைபட்டுவிடும். பெயரை வைத்துத் தடுப்பது இன்னும் மோசம். ஒரே பெயரில் ஊரில் நாலு பேர் இருப்பார்கள்.

அறுவடை வண்டி போகப்போவது ஆளிடம் அல்ல, வயலுக்கு. ஆகவே வயலைத்தான் அடையாளம் காண வேண்டும். சிட்டாவில் புல எண், உட்பிரிவு என்று இரண்டு தனித்தனிக் கட்டம் இருக்கும். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் அந்த இரண்டும் சேர்ந்து ஓரிடத்தை மட்டுமே குறிக்கும். மூன்று கிராமத்துக்குப் பொதுவான பட்டியல் என்பதால் கிராமப் பெயரும் சேர வேண்டும். கிராமம், புல எண், உட்பிரிவு மூன்றும் ஒன்றாக இருந்தால் அது இரட்டைப் பதிவு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆதார் எண்ணை வாங்கிக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அது ஆளைக் காட்டுமே தவிர வயலைக் காட்டாது. எல்லோரும் திறந்து பார்க்கும் பட்டியலில் அதை எழுத வைக்கவும் கூடாது.

கட்டங்களை அமைப்பது

விதிகளைப் போடும் வேலையை மட்டும் கம்ப்யூட்டரில் செய்வது சுலபம். பதிவு போடுபவர்கள் போனிலேயே போடலாம். முதல் வரியில் தலைப்புகளை இந்த வரிசையில் எழுதவும்: A பெயர், B செல்போன், C கிராமம், D புல எண், E உட்பிரிவு, F ஏக்கர், G அறுப்பு வாரம், H வண்டி, I சரிபார்ப்பு.

புல எண்ணும் உட்பிரிவும் தனித்தனிக் கட்டத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. '12/3' என்று ஒரே கட்டத்தில் எழுதினால் ஷீட்ஸ் அதைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். உட்பிரிவிலும் ஒரு வம்பு இருக்கிறது. '1E2' என்று எழுதினால் அதை நூறு என்ற எண்ணாகப் படித்துக்கொள்ளும். இதைத் தவிர்க்க, யாரும் எதையும் எழுதுவதற்கு முன்பே D, E இரண்டு நெடுக்கையையும் தேர்ந்தெடுத்து, Format மெனுவில் Number, அதற்குள் Plain text என்று மாற்றிவிட வேண்டும். பிறகு எழுதியது எழுதியபடியே நிற்கும். உட்பிரிவே இல்லாத புல எண்ணுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 என்று எழுதச் சொல்லவும்.

தொட்டு எடுக்கும் பட்டியல்

கீழே + குறியைத் தொட்டு இன்னொரு தாளைத் திறந்து, அதற்கு 'பட்டியல்' என்று பெயர் வைக்கவும். அதில் A நெடுக்கையில், இரண்டாம் வரியிலிருந்து கிராமங்களின் பெயரைச் சிட்டாவில் உள்ளபடி எழுதவும். B நெடுக்கையில் அறுப்பு வாரங்கள்: 'ஜனவரி கடைசி வாரம்', 'பிப்ரவரி முதல் வாரம்' என்று. C நெடுக்கையில் வண்டி வகை: 'டயர்', 'பெல்ட் (செயின்)', 'வயலைப் பார்த்துச் சொல்லவும்'. மூன்றாவது வகை அவசியம். ஈரம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர் எதையாவது ஒன்றைத் தொட்டுவிட்டால், டயர் வண்டி மறுபடியும் சேற்றில்தான் நிற்கும்.

இப்போது பதிவுத் தாளுக்கு வந்து, C2 முதல் C200 வரை தேர்ந்தெடுத்து, Data மெனுவில் Data validation, அதில் Add rule தொடவும். Criteria என்ற இடத்தில் Dropdown (from a range) என்று தேர்ந்தெடுத்து, இதைக் கொடுக்கவும்:

```
='பட்டியல்'!$A$2:$A$10
```

கீழே Advanced options திறந்தால், If the data is invalid என்ற கேள்வி வரும். அங்கே Show a warning, Reject the input என்று இரண்டு வழி உண்டு. Reject the input என்பதையே எடுக்க வேண்டும். Show a warning எடுத்தால் தவறாக எழுதியதும் உள்ளே போய்விடும்; கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு சிவப்பு முக்கோணம் மட்டும் தெரியும். போனில் அதை யாரும் கவனிப்பதில்லை. இதே முறையில் G நெடுக்கைக்கு B பட்டியலையும், H நெடுக்கைக்கு C பட்டியலையும் இணைக்கவும். பின்னால் நாலாவது கிராமம் சேர்ந்தால் 'பட்டியல்' தாளில் ஒரு வரி கூட்டினால் போதும், எல்லாக் கட்டத்திலும் தானாக வந்துவிடும்.

இரட்டைப் பதிவுக்குத் தடுப்பு

அடுத்து E2 முதல் E200 வரை தேர்ந்தெடுத்து, அதே Data validation, Add rule. Criteria இடத்தில் இந்த முறை Custom formula is என்று எடுத்து, இந்தச் சூத்திரத்தை ஒரே வரியாகப் போடவும்:

```
=SUMPRODUCT(($C$2:$C$200=$C2)*(TRIM($D$2:$D$200)=TRIM($D2))*(TRIM($E$2:$E$200)=TRIM($E2)))<2
```

இது செய்வது இவ்வளவுதான்: இந்த வரியில் உள்ள கிராமம், புல எண், உட்பிரிவு மூன்றும் சேர்ந்தாற்போல் எத்தனை வரியில் இருக்கிறது என்று எண்ணும். இந்த ஒரு வரியில் மட்டும் இருந்தால் விடும், இரண்டாவது முறை வந்தால் தடுக்கும். TRIM என்பது முன்னும் பின்னும் தெரியாமல் விழும் இடைவெளியைக் கழித்துவிட்டுப் பார்க்கும். போன் விசைப்பலகை சொல்லின் கடைசியில் தானாக ஓர் இடைவெளி போட்டுவிடுவதால் இது தேவை. 3B, 3b இரண்டையும் சூத்திரம் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

இங்கேயும் Reject the input. அதோடு Show help text for a selected cell என்பதைத் தொட்டு, தமிழிலேயே ஒரு வரி எழுதிவிடவும்: 'இந்த வயல் ஏற்கெனவே பதிவாகியுள்ளது. திருத்தம் இருந்தால் பொறுப்பாளரிடம் சொல்லவும். உட்பிரிவைச் சிட்டாவில் உள்ளபடி ஆங்கில எழுத்தில் எழுதவும்.' தடைபடும்போது இந்த வரிதான் அவருக்குத் தெரியும். இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் ஏதோ வருகிறது என்று பதறி, உட்பிரிவை மாற்றி எழுதிப் பார்ப்பார்.

விதி போட்டு முடித்ததும் லிங்க் அனுப்பும் முன் ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் வரியில் கீழப்பட்டி, 112, 3B என்று போடவும். மூன்றாம் வரியில் வேறு பெயர், வேறு போன் எண், ஆனால் அதே கீழப்பட்டி, 112, 3B. உட்பிரிவை எழுதியதும் தடுக்க வேண்டும். பிறகு அதையே மேலப்பட்டி, 112, 3B என்று போட்டால் விட வேண்டும், ஏனென்றால் அது வேறு ஊர் வயல். கடைசியாகக் கீழப்பட்டி, 112, 3A போட்டால் அதையும் விட வேண்டும். நான்கும் சரியாக வந்தால் சோதனை வரிகளை அழித்துவிட்டு லிங்க் அனுப்பலாம்.

தடுப்பைத் தாண்டி வருபவை

இந்த விதி ஒரு கதவு மாதிரி. சுவர் ஏறிக் குதித்தால் கதவுக்குத் தெரியாது. வேறொரு கட்டத்திலிருந்து காப்பி எடுத்து ஒட்டும்போது, அந்தக் கட்டத்தின் அமைப்பும் கூடவே வந்து இங்குள்ள விதியை அழித்துவிடும். கிராமக் கட்டத்தில் தொட்டு எடுக்கும் அம்புக்குறி காணாமல் போயிருந்தால் யாரோ ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். இன்னொன்று, விதி உட்பிரிவுக் கட்டத்தில்தான் இருக்கிறது. உட்பிரிவை முதலில் எழுதிவிட்டு, கிராமத்தையும் புல எண்ணையும் பிறகு எழுதினால் தடுப்பு விழாது. இடமிருந்து வலமாக நிரப்பச் சொல்வது இதனால்தான்.

அதற்காகவே கடைசியில் I நெடுக்கை. I2 கட்டத்தில் இதை எழுதி, 200-வது வரி வரை இழுத்துவிடவும்:

```
=IF($E2="","",IF(SUMPRODUCT(($C$2:$C$200=$C2)*(TRIM($D$2:$D$200)=TRIM($D2))*(TRIM($E$2:$E$200)=TRIM($E2)))>1,"இரட்டை","சரி"))
```

எந்த வழியாக உள்ளே வந்திருந்தாலும், இரண்டு வரியிலும் 'இரட்டை' என்று காட்டிவிடும். இந்த நெடுக்கையையும் 'பட்டியல்' தாளையும் மற்றவர் கைபடாமல் பூட்ட வேண்டும். Data மெனுவில் Protect sheets and ranges எடுத்து, பொறுப்பாளர் மட்டும் திருத்தும்படி வைத்தால் போதும்.

பழைய 43 பதிவை என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. விதி போடுவதால் ஏற்கெனவே எழுதியது திருந்தாது. அவற்றையும் இந்த அமைப்புக்குக் கொண்டுவந்து 'இரட்டை' என்று வருவதைப் பார்க்கவும். ஷீட்ஸில் Remove duplicates என்று ஒரு வசதி இருக்கிறது, அதை இங்கே தொட வேண்டாம். அது முதல் வரியை வைத்துக்கொண்டு அடுத்ததை அழித்துவிடும். அப்பா முதலில் 'டயர்' என்று போட்டு, வயலைப் பார்த்துவிட்டு மகன் பிறகு 'பெல்ட்' என்று போட்டிருந்தால், சரியான பதிவுதான் அழியும். இருவருக்கும் போன் செய்து கேட்டு, ஒன்றைக் கையால் நீக்குவதே நல்லது.

கூட்டுப் பட்டா இருந்தால்

சூத்திரத்தால் தீர்க்க முடியாத ஒன்று கூட்டுப் பட்டா. அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் 112-3B இருக்கிறது, வடக்குப் பாதியை அண்ணனும் தெற்குப் பாதியைத் தம்பியும் பயிர் செய்கிறார்கள் என்றால், தம்பியின் உண்மையான பதிவையும் இது தடுத்துவிடும். இப்படிப்பட்டவர் பொறுப்பாளரிடம் சொல்ல, அவர் '3B வடக்கு', '3B தெற்கு' என்று எழுதிக்கொடுக்கலாம். இரண்டு பாதியின் ஏக்கரும் சேர்ந்து சிட்டாவில் உள்ள பரப்புக்கு மேல் போகக்கூடாது. சிட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்றுதான் இருக்கும். 1 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 2.47 ஏக்கர் என்று வைத்துச் சரிபார்க்கலாம். மா கணக்கில் பேசிப் பழகியவர்கள் ஏக்கர் கட்டத்தில் '6' என்று எழுதிவிடுவதும் உண்டு. 3 மா ஒரு ஏக்கர் என்பதால் அது 2 ஏக்கர்தான். இரட்டைப் பதிவே இல்லாமல் மொத்தம் ஏறிப்போக இது ஒன்றே போதும்.

'3B' என்பதை ஒருவர் '3பி' என்று தமிழில் எழுதினாலும் சூத்திரத்துக்குப் பிடிபடாது. வண்டிக்குச் சொல்லும் முந்தின நாள், File மெனுவில் Make a copy எடுத்து, அந்த நகலில் கிராமவாரியாகவும் புல எண்வாரியாகவும் அடுக்கிப் பார்க்கவும். ஒரே புல எண்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஊர் நிலம் தெரிந்த ஒருவர் மேலிருந்து கீழே படித்தால், மிச்சமிருக்கும் கோளாறு கண்ணில் பட்டுவிடும்.

கேள்வி: "ஷீட்டை எல்லோருக்கும் திறந்துவிடப் பயமாக இருக்கிறது. கூகுள் ஃபார்ம் அனுப்பினால் இரட்டைப் பதிவைத் தடுக்குமா?"

*வாசகி, லால்குடி வட்டம்*

பதில்: ஃபார்மில் மற்றவர் பதிவை யாரும் அழிக்க முடியாது, மற்றவர் போன் எண்ணும் தெரியாது. அந்த வகையில் நல்லதுதான். தொட்டு எடுக்கும் பட்டியலுக்கு அதிலும் Dropdown என்ற கேள்வி வகை இருக்கிறது. ஆனால் வயலை வைத்துத் தடுக்க அதற்குத் தெரியாது. Limit to 1 response என்று ஒன்று உண்டு. அது கூகுள் கணக்கு ஒன்றுக்கு ஒரு பதிவு என்றுதான் கட்டுப்படுத்தும். அப்பா கணக்கு வேறு, மகன் கணக்கு வேறு. நாலு வயல் வைத்திருப்பவருக்கோ அது தொல்லையாகிவிடும். பதில்கள் வந்து விழும் ஷீட்டில் Data validation போட்டு வைத்தாலும், ஃபார்ம் வழியாக வருவதை அது தடுக்காது. ஆகவே ஃபார்ம் என்றால், தடுப்பது இல்லை, பிறகு கண்டுபிடிப்பது மட்டும்தான் என்று தெரிந்துகொண்டு, பொறுப்பாளர் இரண்டு நாளுக்கு ஒரு முறை பார்த்து 'இரட்டை' உள்ளவர்களுக்குப் போன் செய்ய வேண்டும்.

கேள்வி: "விதை நெல் தேவைப் பதிவுக்கும் புல எண் கேட்க வேண்டுமா?"

*வாசகர், திருவாரூர்*

பதில்: வேண்டாம். விதை போய்ச் சேருவது வயலுக்கு அல்ல, ஆளுக்கு. ஒருவர் இரண்டு ரகம் கேட்கலாம். ஒரே ரகத்தை இரண்டு முறை கேட்கக்கூடாது. எனவே இங்கே செல்போன் எண்ணும் ரகமும் சேர்ந்ததே அடையாளம். செல்போன் B-யிலும் ரகம் C-யிலும் இருந்தால், C2 முதல் C200 வரைக்கான விதி இது:

```
=SUMPRODUCT(($B$2:$B$200=$B2)*($C$2:$C$200=$C2))<2
```

இங்கே ஒரு சிக்கல் வரும். ஒரு கட்டத்தில் ஒரு விதிதான் நிற்கும். தொட்டு எடுக்கும் பட்டியலும் சூத்திரமும் ஒரே கட்டத்தில் சேராது. அதனால் ரகத்துக்குத் தொட்டு எடுக்கும் பட்டியலை வைத்துக்கொண்டு, இந்தச் சூத்திரத்தை அடுத்து நிரப்பும் 'எத்தனை கிலோ' கட்டத்தில், D2 முதல் D200 வரை போட வேண்டும். அப்போது ரகத்தைத் தொட்டபின் கிலோ எழுதும்போது தடுக்கும். ரகப் பட்டியலில் ஒரு ரகத்துக்கு ஒரு வரிதான் இருக்க வேண்டும். சி.ஆர். 1009 என்று ஒரு வரி, பொன்மணி என்று இன்னொரு வரி இருந்தால், ஒரே நெல்லை ஒருவர் இரண்டு முறை வாங்கிக்கொள்ளலாம். 'சி.ஆர். 1009 (பொன்மணி)' என்று இரண்டு பெயரையும் ஒரே வரியில் போட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.